போர்டும் பெட்டியும் அச்சாகும் முன்: நீங்கள் தேர்ந்த பெயர் ஏற்கெனவே இன்னொருவருடையதா?

கம்பெனிப் பதிவாளர் பெயருக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். இணைய முகவரியும் கிடைத்துவிட்டது. சமூக வலைத்தளத்தில் அதே பெயரில் கணக்கும் தொடங்கியாயிற்று. இந்த மூன்றும் கைக்கு வந்ததும் பெயர் நமதாகிவிட்டது என்று நம்பித்தான் பெரும்பாலானோர் அச்சகத்துக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். ஆனால் பெயர் நமதா என்ற கேள்விக்கு இவற்றில் ஒன்றுகூடப் பதில் சொல்வதில்லை.

கம்பெனிப் பதிவாளர் தன் பட்டியலில் இதே பெயரிலோ இதையொட்டிய பெயரிலோ வேறு நிறுவனம் இருக்கிறதா என்றுதான் முதன்மையாகப் பார்ப்பார். தனிநபர் நடத்தும் கடைகள் அந்தப் பட்டியலில் இருக்காது. இணைய முகவரி விற்பவருக்கு எழுத்து வரிசை மட்டுமே கணக்கு. நடுவில் ஒரு சிறுகோடு சேர்ந்தாலே அது அவருக்கு வேறு முகவரி. அச்சடித்த பெட்டிகளை விற்கவிடாமல் நீதிமன்றத் தடை வாங்கக்கூடியவர் இந்த இருவரும் இல்லை. அதே பெயரையோ, அதுபோல ஒலிக்கும் பெயரையோ, அதே மாதிரிச் சரக்குக்கு முன்பே டிரேட்மார்க்காக வைத்திருப்பவர்தான் அவர். இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் 16ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. பதிவான ஒரு கம்பெனிப் பெயர் பதிவுபெற்ற ஒரு டிரேட்மார்க்கை ஒத்திருந்தால், அந்த மார்க்கின் உரிமையாளர் 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து அந்தப் பெயரை மாற்றச் செய்யலாம். பதிவாளர் கொடுத்த ஒப்புதல் கடிதம் அங்கே கேடயமாகாது.

ஆகவே சோதனையின் பெரும்பகுதி நேரம் டிரேட்மார்க் பதிவேட்டில்தான் செலவாக வேண்டும். அதிலும் சிக்கலான இடம் ஒலி. தமிழ்ப் பெயர்கள் பதிவேடுகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் கிடக்கின்றன, ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். தன் எழுத்துக்கூட்டலை மட்டும் தட்டிப் பார்த்து ‘எதுவும் வரவில்லை’ என்று திரும்புபவர் உண்மையில் எதையும் தேடியிருக்க மாட்டார்.

இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டோடு படிப்படியாகப் பார்ப்போம். வாசனை மெழுகுவத்தி தயாரிக்கும் ஒருவர் ‘வெண்சுடர்’ என்று பெயர் வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

எந்த வகுப்பில் தேடுவது

டிரேட்மார்க் பதிவுகள் சரக்கையும் சேவையையும் வைத்துப் பிரிக்கப்பட்டவை. நீஸ் வகைப்பாடு என்ற சர்வதேசப் பட்டியலில் 45 வகுப்புகள் உண்டு. 1 முதல் 34 வரை சரக்குகள், 35 முதல் 45 வரை சேவைகள். மெழுகுவத்தி, வாசனை சேர்த்ததாக இருந்தாலும், 4ஆம் வகுப்பில் வரும். பலர் அந்த ஒரு எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பதிவேட்டின் வகுப்பு ஒரு நிர்வாக வசதிதான். குழப்பம் வருமா என்று நீதிமன்றம் பார்க்கும்போது, இரண்டு சரக்கும் ஒரே கடையில் ஒரே அலமாரியில் ஒரே வாடிக்கையாளர் கைக்குப் போகுமா என்றுதான் பார்க்கும்.

மெழுகுவத்திக்குப் பக்கத்து அலமாரியில் என்ன இருக்கும்? ஊதுவத்தியும் நறுமண எண்ணெயும் 3ஆம் வகுப்பு. மெழுகுவத்தித் தாங்கி 21. பேட்டரியில் எரியும் மெழுகுவத்தி போன்ற விளக்குகள் 11. தீப்பெட்டி 34. நாற்றம் போக்கும் அறை நறுமணப் பொருட்கள் 5. இவை எல்லாவற்றையும் விற்கும் கடை என்ற சேவை 35. ஆக, வெண்சுடருக்குத் தேட வேண்டிய வகுப்புகள் ஏழு. 3, 4, 35 மூன்றும் கட்டாயம். மற்ற நான்கில் அச்சு அசலாக ஒத்த பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். போர்டு வைத்துக் கடை நடத்தப்போகிறவர்கள் 35ஐ மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பெட்டியில் உள்ள பெயர் 4ஆம் வகுப்பில் தப்பித்துக்கொள்ளும், வாசலில் உள்ள போர்டு 35இல் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நாடு முழுவதும் எல்லோரும் அறிந்த பெயர்களுக்கு வகுப்பு எல்லை பொருந்தாது. அவற்றைத் தொடர்பே இல்லாத சரக்குக்கு வைத்தாலும் பல நாடுகளில் தடுக்க முடியும். கேட்டவுடன் பெரிய பிராண்டு எதையாவது நினைவூட்டும் பெயரை, மேற்கொண்டு எதையும் தேடாமல், இந்த இடத்திலேயே கைவிடுவது நல்லது.

ஒலியைத் தேடுவது

‘வெண்சுடர்’ ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் வரும்? சகரத்தை `S` என்றும் `CH` என்றும் சிலர் `C` என்றும் எழுதுவார்கள். டகரம் `D` ஆகும், `T` ஆகும். கடைசி அசை `AR` ஆகலாம், `ER` ஆகலாம். வகரம் `V` அல்லது `W`. நடுவில் இடைவெளி விட்டும் எழுதுவார்கள், விடாமலும் எழுதுவார்கள். இவற்றைச் சேர்த்துப் பெருக்கினால் ஐம்பதுக்கு அருகில் வந்துவிடும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது வீண் வேலை.

அதைவிட நல்ல வழி, பெயரில் மாறாமல் நிற்கும் துண்டைப் பிடிப்பது. எழுத்துக்கூட்டலில் தடுமாறும், ‘சுடர்’ என்ற பாதியின் முதல் மெய்யைக் கழித்துவிட்டு, ‘உள்ளடங்கியது’ என்ற தேடல் முறையில் துண்டை மட்டும் கொடுக்க வேண்டும்.

```
UDAR
UTAR
UDER
UTER
OODAR
VENS
VENCH
WENS
```

`UDAR` என்ற ஒரே துண்டு, சகரம் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் பிடித்துவிடும். `VEN SUDAR` என்று பிரித்து எழுதியதும் அதில் சிக்கும், ஏனென்றால் இடைவெளி துண்டுக்கு வெளியே விழுகிறது. துண்டு சிறியதாக இருப்பதால் சம்பந்தமில்லாத பெயர்களும் வரும். ஆனால் ஒரு வகுப்புக்குள் மட்டும் தேடும்போது அவை வாசித்துக் கழிக்கக்கூடிய அளவில்தான் இருக்கும். பட்டியல் மிக நீளமாகிவிட்டால் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து `SUDAR`, `CHUDAR`, `CUDAR` என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஒலிவழித் தேடல் என்று பல பதிவேடுகளில் தனியாக ஒரு தேர்வு இருக்கும். அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இவ்வகைத் தேடல்களில் மிகப் பழைய முறையான சவுண்டெக்ஸ், பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியைத்தான் எண்ணாக மாற்றும். அதனால் `V`இல் தொடங்கும் பெயரும் `W`இல் தொடங்கும் பெயரும் காதுக்கு ஒன்றாகவே கேட்டாலும் அந்த முறையில் சந்திக்கவே சந்திக்காது. ஆங்கில ஒலிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகளுக்கு நம் ழகரமும் டகரமும் தெரியாது. ‘ழ’ உள்ள பெயர் என்றால் `ZH`, `L`, `Z` என்ற மூன்றையும் கையால் தேடித்தான் ஆக வேண்டும்.

இன்னும் இரண்டு தேடல்கள் மீதம் இருக்கின்றன. ஒன்று, பொருள். ஒலி வேறாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இருந்தால் அதுவும் ஒப்புமையில் சேரும். ஆகவே சரக்கு விற்கப்போகும் சந்தையின் மொழிகளில் ‘வெள்ளைச் சுடர்’ என்று பொருள்படும் சொற்களையும் தேட வேண்டும். ஆங்கிலத்தில் `WHITE FLAME` அதில் முதலாவது. மற்றொன்று, படம். தமிழ் எழுத்தில் வடிவமைத்த லேபிள்கள் சில இடங்களில் படமாகவே பதிவாகியிருக்கும். சொல் என்ற கட்டத்தில் பெயரே இருக்காது, அல்லது வேறு எழுத்துக்கூட்டல் இருக்கும். அவற்றைச் சொல்லை வைத்துப் பிடிக்க முடியாது. படக்குறிகளுக்கு வியன்னா வகைப்பாடு என்ற எண்முறை இருக்கிறது. அதில் தீச்சுடருக்கு `1.15.5`. அந்த எண்ணை 4ஆம் வகுப்போடு சேர்த்துக் கொடுத்து, வரும் லேபிள்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். லோகோவில் சுடர் வரையப்போகிறவருக்கு இந்தப் படி இருமடங்கு அவசியம்.

தேட வேண்டிய இடத்தில் முதலாவது, சரக்கு விற்கப்படும் நாட்டின் சொந்தப் பதிவேடு. புதிய விண்ணப்பங்கள் முதலில் அங்கேதான் ஏறும். இரண்டாவது, உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் இலவசத் தரவுத்தளம், `branddb.wipo.int`. பல நாடுகளின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும், ஒலிவழியும் படவழியும் தேடவிடும். நாட்டுப் பதிவேட்டின் தேடல் வசதி மோசமாக இருக்கும் இடங்களில் இதுதான் கைகொடுக்கும். ஆனால் இதில் ஏறுவது அந்தந்த நாடு அனுப்பும் நகல்தான். கடைசி வார்த்தையை நாட்டுப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

வந்ததை வாசிப்பது

தேடுவதைவிட வாசிப்பதுதான் கடினம். வெண்சுடருக்கு நான்கு முடிவுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பெயர், வகுப்பு, சரக்கு விவரம், விண்ணப்பத் தேதி, நிலை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வகுப்பு எல்லை இல்லாமல் தேடியபோது வந்த `WENSUDAR`, 36ஆம் வகுப்பு, நிதி ஆலோசனை, பதிவானது. பெயர் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் நிதி ஆலோசனை கேட்டு வருபவர் மெழுகுவத்தி வாங்கும்போது இரண்டும் ஒரே நிறுவனம் என்று எண்ண வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பெயர் பெரும் புகழ் பெற்றதாக இல்லாதவரை இதைத் தாண்டிப் போகலாம்.

இரண்டாவது, `SUDAR`, 4ஆம் வகுப்பு, மெழுகுவத்தி, காலாவதியாகி 4 மாதம். ‘காலாவதி’ என்ற சொல்லைக் கண்டதும் மகிழ்ச்சி அடைபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். டிரேட்மார்க் பதிவு பெரும்பாலான நாடுகளில் 10 ஆண்டுக்கு நிற்கும். புதுப்பிக்கத் தவறினாலும் கூடுதல் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கப் பொதுவாக 6 மாத அவகாசம் உண்டு. இந்தப் பெயர் இன்னும் அந்த அவகாசத்துக்குள் இருக்கிறது. அவகாசம் முடிந்து பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பின்னும், இந்தியச் சட்டத்தில் மேலும் ஓராண்டுக்கு அது புதிய விண்ணப்பத்துக்குக் குறுக்கே நிற்கலாம். அதெல்லாம் போனாலும், சரக்கு இன்னும் கடையில் விற்றுக்கொண்டிருந்தால், பதிவு இல்லாமலே உரிமை தொடரும். இதில் அடுத்துச் செய்ய வேண்டியது, அந்தச் சரக்கு சந்தையில் இருக்கிறதா என்று பார்ப்பது.

அதே முடிவில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 4ஆம் வகுப்பில் ‘சுடர்’ வரும் பெயர்கள் மொத்தம் எத்தனை, எத்தனை உரிமையாளர்கள்? சுடர் என்பது மெழுகுவத்தியோடு இயல்பாக ஒட்டும் சொல். வெவ்வேறு பதினைந்து பேர் அதை வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அந்தச் சொல்லை யாரும் தனக்கு மட்டும் என்று கோருவது கடினம். அப்போது வேறுபாட்டைச் சுமப்பது ‘வெண்’ என்ற பாதிதான். ஒரே ஒருவர் மட்டும் அதை வைத்திருந்தால் கதை வேறு. ‘வெண்’ என்ற அடைமொழி முன்னால் வந்ததால் மட்டும் நாம் தப்பிவிட முடியாது. அவருடைய சரக்கிலேயே ஒரு வெள்ளை ரகம் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, `VENCHUDAR`, 3ஆம் வகுப்பு, ஊதுவத்தி, விண்ணப்பம் நிலுவையில். பதிவாகவில்லையே என்று இதை ஒதுக்குவது மிகப் பெரிய பிழை. பதிவு கிடைத்தால் அது பொதுவாக விண்ணப்பத் தேதியிலிருந்தே செல்லும். ஒலி ஒன்று, அலமாரி ஒன்று, தேதியும் முந்தியது. இந்த நான்கில் வெண்சுடரை நிறுத்தக்கூடியது இதுதான். எல்லாப் பெட்டிகளையும் அச்சடித்து முடித்த பிறகு இந்த விண்ணப்பம் பதிவாகி வெளிவரும்.

நான்காவது, `VEN SUDAR`, 4ஆம் வகுப்பு, நிராகரிக்கப்பட்டது. இது தடையல்ல, புதையல். பல நாடுகளில் விண்ணப்பக் கோப்பின் ஆவணங்களைப் பொதுமக்கள் இணையத்திலேயே திறந்து படிக்கலாம். விண்ணப்பத்தை ஆராய்ந்த பரிசோதகரின் அறிக்கையை அதில் தேடிப் படியுங்கள். எந்தெந்த முந்தைய பெயர்களைச் சுட்டிக்காட்டி மறுத்தார் என்று அதில் இருக்கும். நமக்கும் ஏறத்தாழ அதே மறுப்புதான் வரும். நம் தேடலில் தப்பிய பெயர்கள் அந்த அறிக்கையில் அகப்படுவது அடிக்கடி நடக்கும். விண்ணப்பதாரர் கட்டணம் கட்டாமலோ பதில் அனுப்பாமலோ கைவிட்டதாக இருந்தால், பெயரில் குறை என்று பொருளல்ல. ஆனால் அவர் இன்னும் வியாபாரம் செய்கிறாரா என்பதைப் பார்க்க வேண்டும்.

பதிவாகியும் பல ஆண்டுகளாகச் சந்தையிலேயே இல்லாத பெயர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தொடர்ந்து 5 ஆண்டுகள் பயன்படுத்தாத பதிவை ரத்து செய்யக் கோரலாம். பல நாடுகளில் இதுபோன்ற விதி இருக்கிறது. ஆனால் கோர வேண்டும், வழக்கு நடக்க வேண்டும், தீர்ப்பு வர வேண்டும். அதை எண்ணி முன்கூட்டியே பெட்டி அடிப்பது சரியான கணக்கல்ல.

பதிவேட்டுக்கு வெளியே

பதிவே செய்யாமல் பல ஆண்டுகளாக ஒரு பெயரில் வியாபாரம் செய்பவருக்கும் உரிமை உண்டு என்பது இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் போன்ற நாடுகளின் சட்டம். தன் நற்பெயரைப் பயன்படுத்தி மற்றவர் சரக்கை விற்கிறார் என்று அவர் வழக்குப் போடலாம். இந்தியாவில் 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு இன்னொரு படி மேலே போகிறது: நமக்கு முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரை, பதிவு வாங்கிய பிறகும் நம்மால் தடுக்க முடியாது. சீனா போன்ற நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே பெரும்பாலும் முன்னுரிமை. எந்த நாட்டில் விற்கப்போகிறோம் என்பதைப் பொறுத்து இந்தத் தேடலின் கனம் மாறும்.

இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கத் தேடுபொறியில் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே சரக்கின் பெயரைச் சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்தில் ஒருமுறை, நான்கைந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒவ்வொரு முறை. பிறகு இணையச் சந்தைகள், வரைபடச் செயலி, சமூக வலைத்தளப் படங்கள். சிறு தயாரிப்பாளர்களுக்கு இணையதளமே இருக்காது, ஆனால் யாரோ வாங்கிப் போட்ட படத்தில் பெட்டி தெரியும். அதனால் படத் தேடலைத் தவிர்க்கக் கூடாது. அந்தச் சரக்கை மொத்தமாக வாங்கி விற்கும் விநியோகஸ்தர் இருவர் மூவரிடம் பெயரைச் சொல்லி ‘இந்தப் பெயரில் ஏதாவது வருகிறதா’ என்று கேட்பது எந்தத் தரவுத்தளமும் தராத பதிலைத் தரும். பெயரைக் காகிதத்தில் காட்டாமல் வாயால் சொல்லிக் கேளுங்கள். அவர் காதில் அது எந்தப் பெயராக விழுகிறது என்பதே நாம் அறிய வேண்டியது. பார்த்த பக்கங்களைத் தேதியோடு படமெடுத்து வைத்தால், பின்னாளில் நல்லெண்ணத்தோடு தேடினோம் என்று காட்ட உதவும்.

எப்படித் தேடினாலும் தெரியாத காலம்

எவ்வளவு கவனமாகத் தேடினாலும் ஒரு இருட்டுப் பகுதி மிஞ்சும். புதிய விண்ணப்பம் பதிவேட்டில் தெரியச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அதைவிடப் பெரியது, அறிவுசார் சொத்துரிமைக்கான பாரிஸ் ஒப்பந்தம் தரும் 6 மாத முன்னுரிமை. ஒரு நாட்டில் விண்ணப்பித்தவர் 6 மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் விண்ணப்பித்தால், முதல் நாட்டின் தேதியே அங்கும் கணக்கு. நாம் தேடிய அன்று நம் நாட்டுப் பதிவேட்டில் இல்லாத ஒருவர், பின்னால் வந்தும் நமக்கு முன்னால் நிற்கலாம். வெளிநாட்டுப் பதிவுகளையும் சேர்த்துக் காட்டும் தரவுத்தளத்தில் தேடச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அதனால்தான் தேடி முடித்த உடனே நம் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். தேடலுக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் மூன்று மாதம் போனால் மறுபடி தேட வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு வெளியிடப்பட்ட பின் மற்றவர்கள் எதிர்ப்பு மனு கொடுக்க ஒரு காலம் உண்டு. அமெரிக்காவில் 30 நாள், பிரிட்டனில் 2 மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மாதம், இந்தியாவில் 4 மாதம். முழு அளவு அச்சுக்கு உகந்த நேரம் இந்தக் கெடு எதிர்ப்பின்றிக் கடந்த பிறகு. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், பரிசோதகரின் முதல் அறிக்கை வரும்வரையாவது அச்சைச் சிறியதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறியதாக வைப்பதற்கு வழி இருக்கிறது. மெழுகுவத்திப் பெட்டியைப் பெயரில்லாமல் அச்சடித்து, பெயரை டிஜிட்டலில் அடித்த ஒட்டு லேபிளாகப் போடலாம். ஆஃப்செட்டில்தான் அடிக்க வேண்டும் என்றால், பெயரை ஒரே நிறத்தில், ஒரே பிளேட்டில் மட்டும் வரும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள். பெயர் மாறினால் அந்த ஒரு பிளேட்டை மாற்றினால் போதும், பெட்டியை வெட்டி மடிக்கும் டை அப்படியே பயன்படும். பிளாஸ்டிக் பைகளைக் கிராவூர் சிலிண்டரில் அடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே நிறத்துக்கு ஒரு சிலிண்டர், பெயர் நான்கு நிறத்தில் கலந்திருந்தால் நான்கும் போகும். பெயரைப் பொன் ஃபாயிலிலும் மேலெழும்பிய அச்சிலும் போடும் ஆசையை இரண்டாவது அச்சுக்குத் தள்ளிவையுங்கள், அந்தக் கட்டைகளை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. பிராண்டு பெயர் மாறினால் சரக்கின் பார்கோடு எண்ணும் புதிதாக வேண்டும் என்பது பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி. ஆகவே முதல் அச்சில் பார்கோட்டையும் பெயர் வரும் அதே லேபிளில் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே மாறும்.

பெயருக்குப் பக்கத்தில் `TM` என்று போடப் பதிவு தேவையில்லை. `®` என்ற குறியைப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும் முன் அச்சடிக்கக் கூடாது. பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டுவது பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம், இந்தியாவில் அபராதத்துக்குரியது. வடிவமைப்பாளர்கள் அழகுக்காகத் தாமாகவே அதைச் சேர்த்துவிடுவதுண்டு. அச்சுக்குப் போகும் கடைசி ப்ரூஃபில் எழுத்துப்பிழை பார்க்கும்போது அந்தக் குறி இருக்கிறதா என்றும் பார்த்து நீக்கச் சொல்லுங்கள்.